வெள்ளப் படத்துக்கு மேடத்தின் போட்டோக்கள்

செயலாளர் சார்: 2015 வெள்ளத்தைப் பற்றி நம் கோட்டூர்புரம் தெருக்காரர்கள் எடுக்கும் படத்துக்காக போட்டோகிராபர் மேடத்துக்கு இதை அனுப்பலாமா? "வணக்கம் மேடம், டிசம்பர் 2 அன்று மொட்டைமாடியிலிருந்து நீங்கள் எடுத்த போட்டோக்களைப் படத்தில் சேர்க்கிறோம், நன்றியில் உங்கள் பெயர் வரும், அனுமதி தாருங்கள்."

பால் கடை அண்ணன்: எதற்கு சார் கேட்கணும், அவரே அப்போது எல்லோருக்கும் அனுப்பியதுதானே. என் போனிலேயே இருக்கிறது.

எடிட்டர் தம்பி: நாம் பார்க்க அனுப்பினார் அண்ணா. உரிமை எடுத்தவருக்குத்தான், நாம் காசு வாங்காமல் படம் காட்டினாலும்.

வாத்தியார் மாமா: பெயர் போட்டால் போதும் தம்பி, சட்டம் கேட்பது அதைத்தான்.

எடிட்டர் தம்பி: பெயர் போடுவது வேறு, அனுமதி வேறு மாமா, இரண்டும் வேண்டும். சார், எந்தப் போட்டோ, எங்கே காட்டுவோம், எத்தனை வருடம் என்று உங்கள் மெசேஜில் இல்லை. காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், நாமோ யூடியூபில் போடப்போகிறோம். அப்புறம் ஒரிஜினல் ஃபைலை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். அண்ணன் போனில் இருப்பது வாட்ஸ்அப் சுருக்கியது, மண்டபத்துத் திரையில் மெல்ல ஜூம் செய்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும்.

மாடி வீட்டு அத்தை: என் பெண் கல்யாண போட்டோவை ஸ்டுடியோக்காரர் கேட்காமல் விளம்பரத்தில் போட்டாரே, அதுவும் இப்படித்தானா?

எடிட்டர் தம்பி: அது நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்னது அத்தை. வேறு மாதிரி எழுதிக் கொடுத்திருக்காவிட்டால் உரிமை உங்களுடையது. மேடத்தை யாரும் எடுக்கச் சொல்லவில்லை, தெருவில் இடுப்பளவுத் தண்ணீர் நின்றபோது அவராக எடுத்தார்.

செயலாளர் சார்: சரி, மாற்றிவிட்டேன். "மேடம், இணைத்துள்ள ஏழு போட்டோக்களையும் 22 நிமிடப் படத்தில் மட்டும் பயன்படுத்த அனுமதி கேட்கிறோம். தெருவிலும் மண்டபத்திலும் இலவசமாகக் காட்டுவோம், யூடியூபில் உலகம் முழுக்கப் பார்க்கலாம். காலம் பத்து வருடம். போஸ்டருக்கோ வேறு எதற்கோ என்றால் மறுபடி கேட்போம். உங்கள் பெயரை எங்கே, எப்படிப் போட வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்."

எடிட்டர் தம்பி: இது சரி சார். அனுப்புங்கள்.

*மறுநாள்*

செயலாளர் சார்: மேடம் பதில் போட்டுவிட்டார். ஆறுக்குச் சம்மதம், பணம் வேண்டாம். ஒவ்வொரு போட்டோ வரும்போதும் கீழே அவர் பெயர் நான்கு நொடியாவது தமிழில் நிற்க வேண்டும், கடைசி டைட்டிலிலும் வர வேண்டும். ஓரத்தை வெட்டக் கூடாது, கறுப்பு வெள்ளையாக மாற்றக் கூடாது. படகில் பாட்டியைத் தூக்கி வைக்கிற போட்டோவுக்கு மட்டும், வீட்டார் சரி என்று சொன்ன பிறகுதான் தருவாராம்.

பால் கடை அண்ணன்: படத்திலேயே நல்லது அதுதான் சார்.

எடிட்டர் தம்பி: அவர் கேட்பது நியாயம் அண்ணா. ஈரப்புடவையில் நடுங்கிக்கொண்டிருந்த பாட்டியிடம் அன்று யாரும் கேட்கவில்லை. ஒன்று மட்டும் இடிக்கிறது, டிரெய்லரை நிமிர்ந்த அளவில் போட்டால் ஓரம் வெட்டுப்பட்டுப் பெயரும் போய்விடும். டிரெய்லரில் போட்டோ வேண்டாம் என்பது என் எண்ணம், மற்றவர்கள் சொல்லுங்கள்.

மாடி வீட்டு அத்தை: பாட்டியின் மகன் குடும்பம் வீடு மாறிப் போய்விட்டதே. யாரிடமாவது நம்பர் இருக்கிறதா?