தங்கம்–வெள்ளி ஜோடி: p 0.03 வருகிறது, ஆனால் இடைவெளி இரண்டு வருடமாக மூடவில்லையே?

செக்காலை வாசி
காரைக்குடியில் இருந்து எழுதுகிறேன். தங்கம், வெள்ளி விலைகளின் லாக் எடுத்து ரிக்ரஷன் போட்டு, மிச்சத்தில் `adfuller` ஓட்டினேன். மதிப்பு -3.05, p 0.03. கோஇன்டெக்ரேஷன், அதாவது இரண்டுக்கும் நடுவிலான இடைவெளி எப்போதும் ஒரு நடுவுக்கே திரும்பும் உறவு, இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஆனால் பேக்டெஸ்டில் 2018 ஏப்ரலில், தங்க விலையை வெள்ளி விலையால் வகுத்த விகிதம் 81 வாக்கில் இருக்கும்போது வெள்ளி வாங்கி தங்கம் விற்றது, 2020 ஆகஸ்டில்தான் லாபத்தில் முடிகிறது. நடுவில் 120-ஐத் தாண்டிப் போகிறது. கோடில் பிழையா?

புதுவயல்
பிழை எதுவும் இல்லை தம்பி. 80-க்கு மேல் போனால் என்றாவது திரும்பும். 1991-ல் 100 வாக்கில் போனது, 2011-ல் 32-க்கு வந்துவிட்டது. பொறுமைதான் வேண்டும்.

ஆச்சி வீடு
எனக்கும் இதே சந்தேகம். அம்மா சீராகக் கொண்டுவந்த வெள்ளிச் சாமான் பெட்டகத்தில் கிடக்கிறது. இப்போது கொடுத்துவிட்டுத் தங்கமாக மாற்றலாமா? கடையில் கழிவு வேறு சொல்கிறார்கள்.

பள்ளத்தூர் கணக்கு
ஆச்சி, உங்கள் கேள்வி வேறு. உங்களுக்குக் கடன் இல்லை, மார்ஜின் அழைப்பும் வராது, எத்தனை வருடம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். கழிவையும் புதிதாக வாங்கும் நகைக்கான சேதாரத்தையும் மட்டும் பாருங்கள்.

தம்பி, உங்கள் தவறு p-யில்தான். மிச்சத்தை நீங்களே ரிக்ரஷனில் பிழிந்து எடுத்திருக்கிறீர்கள். முடிந்தவரை அடங்கி நிற்கிற மாதிரிதான் அந்தக் கோடே போடப்படுகிறது. அதனால் சாதாரண அட்டவணை ரொம்பத் தாராளமாகப் பேசும். அதில் 5 சதவீத எல்லை -2.86 வாக்கில், இரண்டு தொடர்களை இப்படிச் சோதிக்கும்போது -3.34 வாக்கில். உங்கள் -3.05 நடுவில் மாட்டிக்கொண்டது. இதை ஓட்டுங்கள்:

```python
import numpy as np
from statsmodels.tsa.stattools import coint
coint(np.log(silver), np.log(gold))
```

p 0.10 பக்கத்தில் வரும். இரண்டையும் இடம் மாற்றியும் ஓட்டுங்கள், விடை மாறலாம். மாறினால் அதுவே ஒரு எச்சரிக்கை.

செக்காலை வாசி
அண்ணே, 0.10 தான் வருகிறது. இடம் மாற்றினால் 0.14. சரி, ஆனால் 2020-ல் திரும்பியதே?

பள்ளத்தூர் கணக்கு
எவ்வளவு நாளில் திரும்பியது, வழியில் எவ்வளவு கேட்டது என்று பாருங்கள். 2018 ஏப்ரலில் தங்கம் சுமார் 1,340 டாலர், வெள்ளி 16.50. 2020 மார்ச் நடுவில் தங்கம் 1,485 வாக்கில், வெள்ளி 12 வாக்கில். ரூபாய் மதிப்பு மாறியதை விட்டுவிடுவோம். ஒவ்வொரு பக்கமும் 6 லட்சம் என்றால் வெள்ளியில் 1.64 லட்சம், தங்கத்தில் 65 ஆயிரம், ஆக 2.3 லட்சம் நஷ்டம். இரண்டு பக்கமும் சேர்ந்து அடிக்கும். இதோடு மார்ஜினும் சேர்த்துக் கையில் 3.5 லட்சமாவது இருந்தால்தான் அந்த மார்ச்சைத் தாண்டியிருப்பீர்கள்.

2020 ஆகஸ்டில் விகிதம் 70 வாக்கில் வந்தபோது லாபம் ஒரு லட்சத்துச் சொச்சம். அந்த 3.5 லட்சத்தை நம் ஊர் வழக்கப்படி மாதம் ஒரு ரூபாய் வட்டிக்கு விட்டிருந்தால் 28 மாதத்தில் 98 ஆயிரம். காண்ட்ராக்டை மாற்றி மாற்றி எடுத்துப்போன தரகு இன்னும் கழிக்கவில்லை.

இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள அரை ஆயுள், அதாவது இடைவெளி பாதியாகக் குறைய ஆகும் காலம், போடுங்கள். மிச்சத்தின் தினசரி மாற்றத்தை முந்தைய நாள் மிச்சத்தின்மேல் ரிக்ரஷன் செய்து, வரும் கெழுவின் கழித்தல் குறியை விட்டுவிட்டு அதனால் 0.693-ஐ வகுங்கள். கெழு -0.0023 என்றால் 300 வர்த்தக நாள். இரண்டு சிக்மாவில் நுழைந்து அரை சிக்மாவில் வெளியேற இரண்டு அரை ஆயுள், அதாவது இரண்டரை வருடம் பக்கம். அதுவும் சராசரிதான். போதாக்குறைக்கு இந்தக் கெழு திரும்பும் வேகத்தைக் கூட்டிக் காட்டும் பழக்கமுள்ளது.

புதுவயல்
இரண்டரை வருடம் பெரிய விஷயமா? திரும்பத்தானே செய்கிறது.

பள்ளத்தூர் கணக்கு
எந்த அளவுக்குத் திரும்புகிறது என்பதுதான் கேள்வி. 2011-இன் 32 வந்த பிறகு 40-ஐ நடுவாக வைத்தவர் 2020 வரை விகிதம் ஏற்ற இறக்கத்தோடு மேலே போவதைப் பார்த்திருப்பார். நடுவே நகரும். 2022, 2023, 2024 மூன்று வருடமும் மத்திய வங்கிகள் வருடம் ஆயிரம் டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின, வெள்ளியை அப்படி வாங்குவதில்லை. வெள்ளிக்கு சோலார் போன்ற தொழில்தேவை. வெள்ளியில் பெரும்பகுதி செம்பு, ஈயம், துத்தநாகச் சுரங்கங்களில் துணைப்பொருளாக வருவதால் விலை ஏறினாலும் வரத்து சட்டென்று கூடாது. இந்த இரண்டையும் ஒரே நடுவில் கட்டிவைக்கும் கயிறு எது என்று எனக்குச் சொல்லுங்கள்.

செக்காலை வாசி
2011-க்கு முந்தைய விலைகளைச் சேர்த்தால் p இன்னும் மோசமாகிறது. 2013-இலிருந்து மட்டும் எடுத்தால் நன்றாக வருகிறது. எதை நம்புவது?

பள்ளத்தூர் கணக்கு
தேதியை மாற்றினால் விடை மாறுகிற சோதனையை நான் நம்பமாட்டேன். உருளும் சாளரம் வைத்து ஐந்தைந்து வருடமாக ஓட்டி, எத்தனை சாளரத்தில் தேறுகிறது என்று போடுங்கள், பார்ப்போம்.

புதுவயல்
நான் 2013-ஐத்தான் எடுப்பேன். பழைய உலகம் வேறு.

ஆச்சி வீடு
தம்பிகளே, அந்தக் கழிவு எத்தனை சதவீதம் வரை நியாயம்?