7 வயதுப் பையன், 11.5 கிலோ: வயிற்றுக் குழாய்க்கு இப்போதே போகலாமா?

குழந்தை மருத்துவத்தில் இருப்பவர்கள் யோசனை சொல்லுங்கள். பெருமூளை வாதம், தானாக உட்கார முடியாது, முதுகு வளைந்திருக்கிறது. படுக்க வைத்து டேப்பால் அளந்து 97 செ.மீ. என்று சீட்டில் எழுதியிருந்தார்கள். அந்த உயரத்துக்கு பிஎம்ஐ 12.2. மெலிவுதான், ஆனால் யாரும் பதறவில்லை.

நான் முழங்காலையும் கணுக்காலையும் 90 டிகிரியில் மடக்கி, குதிகாலிலிருந்து முழங்கால் மேல்பக்கம் வரை அளந்தேன். 30 செ.மீ. அதை 2.69 ஆல் பெருக்கி 24.2 கூட்டினால் உயரம் ஏறக்குறைய 105 செ.மீ., பிஎம்ஐ 10.4! வலது பாதம் மடங்கவில்லை, அதனால் இடது காலில் எடுத்த அளவு இது. சந்தேகத்துக்கு, முழங்கால் மூட்டிலிருந்து கணுக்கால் எலும்பு வரை முன்கால் நீளமும் பார்த்தேன்: 23 செ.மீ. 3.26 ஆல் பெருக்கி 30.8 கூட்டினால் 106 வருகிறது. ஆக, டேப்தான் பொய் சொல்லியிருக்கிறது.

ஒரு வேளை சாப்பாட்டை நேரில் பார்த்தேன். அரைக் கிண்ணம் குழைந்த சாதத்துக்கு 50 நிமிடம். தண்ணீர் கொடுத்தால் இருமல், அப்புறம் தொண்டையில் களகளவென்று சத்தம். இந்த வருடம் இரண்டு முறை நிமோனியா.

விழுங்குவதை எக்ஸ்ரே வீடியோவில் பார்க்க எழுதிக் கொடுத்திருக்கிறேன். சில வாரம் மூக்குக் குழாயில் கொடுத்து, எடை ஏறுகிறதா, வாந்தி கூடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போவதா, நேராக வயிற்றுக் குழாயா? எதுக்களிப்பும் இருக்கிறது, அதற்கும் சேர்த்து அறுவை செய்வீர்களா?

அம்மா கேட்பது ஒன்றுதான்: "வாயில் ருசியே காட்டக் கூடாதா சார்?" வீடியோ பார்த்த பிறகு சொல்கிறேன் என்றிருக்கிறேன். நீங்கள் என்ன சொல்வீர்கள்?