4,500 ரூபாய் நாற்காலி செலவா, சொத்தா?

நெல்லை_கணக்கர்: எங்கள் மண்டபக் கம்பெனிக்கு 200 நாற்காலி வாங்கினோம், ஒன்று 4,500. ஐயாயிரத்துக்குக் கீழே என்றால் அந்த வருஷமே செலவு. சட்டமே சொல்கிறது. ஆடிட்டர் சும்மா பிடிவாதம் பிடிக்கிறார்.

தணிக்கைக்காரன்: எந்தச் சட்டம்? அது 1956 கம்பெனி சட்டத்தில் இருந்த சலுகை. 2014 ஏப்ரலோடு போய்விட்டது. அப்போதுகூட சொத்தில் ஏற்றித்தான் 100 சதவீதம் தேய்மானம் போட வேண்டும். நீங்கள் பார்க்க வேண்டியது 4,500 இல்லை, 9 லட்சம். லாபம் எவ்வளவு?

நெல்லை_கணக்கர்: நாற்காலிக்கு முன்னால் 40 லட்சம். ஆனால் ஒரு நாற்காலி 4,500தான். பில்லைப் பாருங்கள்.

தணிக்கைக்காரன்: பில்லின் கடைசி வரியையும் பாருங்கள். மண்டப நாற்காலிக்கு எட்டு வருஷ ஆயுள், ஐந்து சதவீதம் மீதி மதிப்பு. வருஷத்துக்கு 1,06,875தான் செலவு, லாபம் 38.9 லட்சத்துக்கு மேல் நிற்கும். உங்கள் வழியில் 31 லட்சம். அடுத்த ஏழு வருஷம் அதே நாற்காலியில் ஆள் உட்கார்ந்து வாடகை வரும், எதிரே ஒரு பைசா செலவு இருக்காது. கடன் கேட்டுப் போனால் வங்கி எந்த வருஷத்தை நம்பும்?

மதுரை_செல்வி: எனக்கும் இதே தொல்லை. ஜனவரியில் இன்சூரன்ஸ் 18,000 கட்டினேன். மார்ச்சில் முடிக்கும்போது ஒன்பது மாதத்துக்கான 13,500-ஐ முன்பணமாகக் காட்டச் சொன்னார்கள். உயிரை வாங்குகிறார்கள்.

தணிக்கைக்காரன்: உங்கள் லாபமும் இந்த அளவில் இருந்தால் அதை விட்டுவிடலாம் அம்மா. வருஷா வருஷம் அதே ஜனவரியில் அதே தொகை கட்டுகிறீர்கள், போன வருஷத்து ஒன்பது மாதம் இந்த வருஷத்தில் விழும். கணக்கு பெரிதாக மாறாது.

நெல்லை_கணக்கர்: அடடா! 13,500-ஐ விடலாமாம், 4,500-ஐ விடக்கூடாதாம். நல்ல நியாயம்.

தணிக்கைக்காரன்: 9 லட்சம் சார், 9 லட்சம். ஒரே நாள், ஒரே கடை, ஒரே வேலைக்கு வாங்கியது. நாலு ஸ்டேப்ளர் வாங்கியிருந்தால் நான் வாயே திறக்க மாட்டேன்.

கோவை_ரவி: வருமான வரிக்கும் 5,000 கணக்கு உண்டா? மொத்தமாகக் கழித்தால் வரி குறையுமே.

தணிக்கைக்காரன்: அது வேறு கணக்கு தம்பி. அங்கே நாற்காலிக்கு 10 சதவீதத் தேய்மானம்தான். வாங்கிய வருஷத்தில் 180 நாளுக்கும் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதிலும் பாதி.

மதுரை_செல்வி: கம்பெனியே வரம்பு வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் ஆபீசில் சொன்னார்களே?

தணிக்கைக்காரன்: வைக்கலாம். ஆனால் அந்த வரம்புக்குக் கீழே போனதெல்லாம் சேர்ந்து எவ்வளவு என்று வருஷக் கடைசியில் கூட்டிப் பார்க்க வேண்டும். அதை யாரும் செய்வதில்லை.

நெல்லை_கணக்கர்: இருபது வருஷமாகப் பேரேடு எழுதுகிறேன். போன இழையில் ஜிஎஸ்டி பற்றித் தப்பாகச் சொன்னவர்தானே நீங்கள்?

தணிக்கைக்காரன்: அதை அங்கே வந்து பேசுங்கள். இங்கே 9 லட்சத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

நெல்லை_கணக்கர்: ஒன்று 4,500.