ரீஆர்டர் லெவலா, ஃபோர்காஸ்ட்டா? குடியாத்தம் கிளையில் எண்ணெய் தீர்வது ஏன்

குடியாத்தம் ஸ்டோர்: வேலூர், காட்பாடி, குடியாத்தம்னு மூணு கிளை, குடோன் வேலூர்ல. குடியாத்தத்துல 1 லிட்டர் சன்ஃபிளவர் ஆயில் பாக்கெட் ஒரு நாளைக்கு 40 போகுது. ஆர்டர் போட்டா ரெண்டாம் நாள் வந்துடும். ஸ்டாக் 120க்கு இறங்கினா ஆர்டர் போடணும்னு ரீஆர்டர் லெவல் வச்சிருக்கோம். அப்படியும் மாசத்துல ஆறு நாள் ரேக் காலி. வரப்போற விற்பனையைக் கணிக்கிற ஃபோர்காஸ்ட் சாஃப்ட்வேருக்கு மாறணுமா?

காட்பாடி டேட்டா: மாறுங்க. ரீஆர்டர் லெவல் போன மாசத்தைப் பார்த்துப் போட்ட நம்பர், வரப்போற வாரம் அதுக்குத் தெரியாது. சம்பளம் வந்த முதல் பத்து நாள் 52 போகும், மீதி இருபது நாள் 34தான் போகும். சராசரி 40னு வச்சா மாசத் தொடக்கத்துல தீரும், கடைசியில தேங்கும்.

ரங்காபுரம் கிளை: எதுக்கு சார் சாஃப்ட்வேர்? லெவலை 240 ஆக்குங்க, முடிஞ்சது.

பாலாறு75: குடியாத்தம் சார், கிளையிலிருந்து ஆர்டர் தினமும் போகுதா, குறிப்பிட்ட கிழமையிலயா?

குடியாத்தம் ஸ்டோர்: திங்கள், வியாழன் சாயங்காலம். லோடு புதன், சனி சாயங்காலம் வரும்.

பாலாறு75: கோளாறு அங்கதான் இருக்கு. திங்கள் சாயங்காலம் ஸ்டாக் 130னு வைங்க. 120க்கு மேல இருக்கிறதால ஆர்டர் போகாது. செவ்வாய், புதன், வியாழன்ல 120 வித்துடும். வியாழன் சாயங்காலம் கையில 10. அப்போ போடுற ஆர்டர் சனிக்கிழமைதான் வரும். வெள்ளி காலையிலயே ரேக் காலி. தினமும் ஆர்டர் போடுற கடைக்குத்தான் 120 சரிவரும்.

வியாழன் ஆர்டரை விட்டா அடுத்த சரக்கு அடுத்த புதன்தான். அதனால வியாழன் கணக்கு ஆறு நாளைத் தாங்கணும்: 6 × 40 = 240. விற்பனை நாளுக்கு நாள் 12 பாக்கெட் அளவுக்கு ஏறி இறங்கினா, அதுக்குக் காப்பா 50 சேர்த்து 290. திங்கள் கணக்கு அஞ்சு நாளைத் தாங்கினாப் போதும்: 5 × 40 = 200, நாள் குறைவா இருக்கிறதால காப்பு 45, ஆக 245. ஒவ்வொரு முறையும் கையில இருக்கிறதையும் லாரியில வந்துட்டு இருக்கிறதையும் கழிச்சு மீதியைக் கேளுங்க. லாரியில இருக்கிறதை மறந்தா ஒரே சரக்கு ரெண்டு தடவை வரும்.

ரங்காபுரம் சார் சொன்ன 240 கிட்டத்தட்டப் பொருந்துது, ஆனா காரணம் தெரியாம எல்லா ஐட்டத்துக்கும் ரெண்டு மடங்கு வச்சா பணம் குடோன்ல முடங்கும்.

ஆற்காடு மருந்துக்கடை: எங்க கடையில எக்ஸ்பைரி தேதி கிட்ட வர்றதை முதல்ல ரேக் முன்னாடி வச்சதும் பிரச்சினை தீர்ந்துச்சு. அதைச் செஞ்சு பாருங்க.

பாலாறு75: அது சரக்கு கெட்டுப்போகாம இருக்க, அக்கா. இங்க சரக்கே இல்லை.

காட்பாடி டேட்டா: கிழமைக் கணக்கை ஒத்துக்கறேன். ஆனா 290ம் ஒரே நம்பர்தானே? முதல் பத்து நாள்ல ஆறு நாளைக்கே 312 போயிடும்.

பாலாறு75: சரியான கேள்வி. அதனால ரெண்டு லெவல் வைக்கணும். சரக்கு வர ரெண்டு நாள் ஆகுறதால கொஞ்சம் முன்னாடியே மாத்தணும்: 28ஆம் தேதியிலிருந்து 52 கணக்குல ஒண்ணு, 8ஆம் தேதியிலிருந்து 34 கணக்குல ஒண்ணு. லெவலும் ஒரு கணிப்புதான், அதை யார் எப்போ மாத்துறாங்கன்றதுதான் வித்தியாசம்.

சாஃப்ட்வேர் வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணைச் சரிபாருங்க. மாசம் 960 பாக்கெட் வித்திருந்தா 30ஆல வகுத்து 32னு காட்டும். ஆறு நாள் ரேக் காலி, அதனால வித்தது 24 நாள்தான். உண்மையான விற்பனை 40. சாஃப்ட்வேர் 32ஐ நம்பி ஆர்டரைக் குறைக்கும், அடுத்த மாசம் காலி நாள் கூடும். விற்பனை 0, ஸ்டாக்கும் 0னு இருக்கிற நாளை எடுத்துட்டு சராசரி போடச் சொல்லுங்க.

அதுலயும் ஏமாறலாம். சிஸ்டத்துல 18னு இருக்கும். போய்ப் பார்த்தா ரேக்ல எண்ணெய்ப் பிசுக்கும் ரெண்டு ஓட்டைப் பாக்கெட்டும்தான் இருக்கும். உடைஞ்சதைக் கழிக்காததால வந்த ஸ்டாக் அது. ஸ்டாக் 0 இல்லாததால அந்த நாள் காலி நாளா எண்ணப்படாது. திங்கள், வியாழன் ஆர்டருக்கு முன்னாடி இந்த மாதிரி ஐட்டங்களைக் கையால எண்ணணும்.

காட்பாடி டேட்டா: வைகாசி 1 கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு என்ன செய்வீங்க? அன்னைக்குக் குடியாத்தம் முழுக்கக் கூட்டம். எந்த லெவலும் தாங்காது.

பாலாறு75: தாங்காது. போன வருஷ சிரசு வார விற்பனையைத் தனியா எடுத்துக் கையால கூட்டணும். முடிஞ்சதும் அந்த வாரத்தைச் சராசரியிலிருந்து நீக்கணும், இல்லைன்னா ஜூன்ல தேங்கும். தீபாவளியில சாஃப்ட்வேரும் தடுமாறும்: 2024ல அக்டோபர் 31, 2025ல அக்டோபர் 20. போன வருஷத் தேதியோட மட்டும் ஒப்பிட்டா 11 நாள் தாமதமா ஏத்தும்.

காட்பாடி டேட்டா: பண்டிகை நாளைக் கொடுத்தா திருத்திக்கும். 400 ஐட்டம், மூணு கிளை, ஐட்டத்துக்கு ரெண்டு லெவல். யார் உட்கார்ந்து மாத்துவாங்க?

பாலாறு75: வேகமா போற 40 ஐட்டத்துக்குக் கையால முடியும். 400க்கு முடியாதுதான்.

குடியாத்தம் ஸ்டோர்: இந்த வியாழன் 290 வச்சுப் பார்க்கறேன். ஒரு சந்தேகம்: குடோன்லயே 200 பாக்கெட்தான் இருந்து மூணு கிளையும் கேட்டா எப்படிப் பிரிக்கறது?

ரங்காபுரம் கிளை: முதல்ல கேட்டவங்களுக்கு.

காட்பாடி டேட்டா: வேண்டாம். எந்தக் கிளையில முதல்ல தீருமோ அங்க.