புரட்டாசிச் சனிக்கிழமை: நம்பிக்கை இல்லாத கணவன் சொம்பு எடுக்க வேண்டுமா?

பாலக்கோட்டுக்காரன்
எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. மனைவிக்கு உண்டு, அதுவும் கடுமையாக. கல்யாணமாகி ஐந்து வருடம். புரட்டாசி முழுக்க அசைவம் தொடமாட்டாள், சனிக்கிழமை தளிகை போட்ட பிறகுதான் சாப்பிடுவாள். நான் தலையிட்டதில்லை. இந்த வருடம் இரண்டு பிரச்சினை. மூன்றாம் சனிக்கிழமை நான் நாமம் போட்டு, சொம்பு எடுத்து, தெருவில் கோவிந்தா சொல்லி அரிசி வாங்கி வர வேண்டும் என்கிறாள். இதுவரை அவள் தம்பி செய்தான், அவன் இப்போது துபாயில் இருக்கிறான். அடுத்தது, எங்கள் மூன்று வயதுப் பையனுக்கு இந்த மாதம் முட்டை கொடுக்க வேண்டாம் என்று அங்கன்வாடி டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். என்னிடம் கேட்கவே இல்லை. என்ன செய்வது?

தகடூரான்
எடுக்காதீர்கள். அவர் விரதம் இருப்பது அவர் உரிமை. உங்கள் நெற்றியில் நாமம் போடச் சொல்வது உரிமை ஆகாது. நம்பாமல் கோவிந்தா போட்டால் அது அவருடைய சாமிக்கும் மரியாதை இல்லை, உங்களுக்கும் இல்லை.

ராயக்கோட்டை சரவணன்
ஒரு மணி நேர வேலைக்கு இவ்வளவு யோசனையா தம்பி? மனைவி சந்தோஷத்துக்காகச் செய்யுங்கள். நானும் பெரிய பக்திமான் இல்லை, வருடா வருடம் சொம்பு எடுக்கிறேன். முட்டை விஷயத்திலும் அவர் சொல்வது சரிதான். புரட்டாசியில் வெயிலும் மழையும் மாறி மாறி வரும், அசைவம் செரிக்காது. முன்னோர்கள் அறிவியல் தெரிந்துதான் வைத்தார்கள்.

மொரப்பூர் செல்வி
தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். தளிகை உங்கள் வீட்டு வழக்கமா, அவர் பிறந்த வீட்டு வழக்கமா? உங்கள் குலதெய்வம் எது?

பாலக்கோட்டுக்காரன்
எங்களுக்கு முனியப்பன் அக்கா. கிடா வெட்டிப் பொங்கல் வைப்போம். பெருமாள் அவள் வீட்டுச் சாமி. என் அம்மாவுக்கே இது பிடிக்கவில்லை, "நம்ம வீட்டுல இல்லாத பழக்கம்" என்று முணுமுணுக்கிறார். நான் சாமி கும்பிடாதவன், ஆனால் கிடா விருந்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவேன். அதையும் அவள் சொல்லிக்காட்டினாள்.

மொரப்பூர் செல்வி
அதைத்தான் கேட்டேன். நம்பிக்கை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் நடக்கும் சண்டையாக மட்டும் இது எனக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டுச் சாமிக்கு நீங்கள் நம்பாமலே போய் நிற்கிறீர்கள், பந்தியில் உட்காருகிறீர்கள். அவர் வீட்டுச் சாமி என்றால் கொள்கை வந்துவிடுகிறது. அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். தம்பி இருந்தவரை பிறந்த வீட்டு ஆள் ஒருவர் கூட நின்றார். இப்போது அந்த வீட்டில் அவர் தனியாக நிற்கிறார், மாமியார் முணுமுணுக்கிறார். சொம்பு எடுக்கச் சொல்வதற்குள் இதுவும் இருக்கிறது.

எனக்குக் கல்யாணமாகி 27 வருடம். என் கணவர் கோயில் படி ஏறாதவர். நான் மாதக் கிருத்திகையும் விடமாட்டேன், புரட்டாசியில் தளிகையும் போடுவேன். முதல் மூன்று வருடம் எங்கள் வீட்டில் எல்லாச் சனிக்கிழமையும் சண்டை. பிறகு என் பெரியம்மா வந்து ஒரு நாள் முழுக்கக் கூட இருந்து பார்த்துவிட்டு, "இதுல எது உன் விரதம், எது வெறும் வேலைன்னு பிரிச்சுப் பாரு" என்றார். பிரித்துப் பார்த்தேன். விரதம் இருப்பது, நாமம் போடுவது, கோவிந்தா சொல்வது, மாவிளக்கு ஏற்றிக் கும்பிடுவது, இவை மனசு சம்பந்தப்பட்டவை. இவற்றை நான் செய்கிறேன். அரிசி ஊறவைத்து நிழலில் உலர்த்துவது, ஈரம் போவதற்குள் இடித்துச் சலிப்பது, துளசியும் வாழை இலையும் வாங்கி வருவது, வடைக்கு ஆட்டுவது, வீடு கழுவுவது எல்லாம் வேலை. இதற்கு நம்பிக்கை தேவையில்லை, கை போதும். அவர் பாதி வேலையை எடுத்துக்கொண்டார்.

இன்னொன்றும் கவனியுங்கள். சனிக்கிழமை ராகு காலம் 9 முதல் 10.30 வரை. எமகண்டம் 1.30க்குத் தொடங்கும். நடுவில் மூன்று மணி நேரத்துக்குள் தளிகை படைத்து முடிக்கத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். சக்கரைப் பொங்கல், புளியோதரை, தயிர் சாதம், சுண்டல், வடை, மாவிளக்கு என்று அத்தனையையும் வெறும் வயிற்றோடு ஒரே ஆள் செய்தால் பன்னிரண்டு மணிக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? எங்கள் சண்டை எப்போதும் அந்த நேரத்தில்தான் வெடித்தது. உங்கள் வீட்டில் எப்போது வெடிக்கிறது என்று பாருங்கள்.

சொம்பைப் பொறுத்தவரை, கணவன்தான் எடுக்க வேண்டும் என்று எங்கள் பக்கம் கட்டாயம் இல்லை. பையன்கள் எடுக்கிறார்கள், பங்காளி பிள்ளை எடுக்கிறான். எனக்கு ஆள் கிடைக்காத வருடம் நானே எடுத்தேன். ஐந்து வீட்டு அரிசி வந்தால் போதும், அதை வீட்டு அரிசியோடு கலந்து பொங்கல் வைத்துவிடுவேன். ஒவ்வொரு வீட்டு வழக்கமும் கொஞ்சம் மாறும், அவர் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தகடூரான்
செல்வி அக்கா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் வேலை மட்டும் செய்கிறேன் என்று ஆரம்பித்தவன்தான் நானும். முதல் வருடம் மாமனார் வீட்டில் இலை வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வருடம் "சும்மா பக்கத்தில் நில்லுங்கள்" என்றார்கள். மூன்றாம் வருடம் நாமம் வந்துவிட்டது. நான்காம் வருடம் மறுத்தபோது, "போன வருஷம் போட்டீங்களே, இப்ப மட்டும் என்ன?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல முடியவில்லை. முதல் வருடமே முடியாது என்றிருந்தால் ஒரு நாள் வருத்தத்தோடு போயிருக்கும். கோட்டை எங்கே போடுகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லாமல் உதவி செய்யப் போனால் கோடு நகர்ந்துகொண்டே போகும். பாலக்கோட்டுக்காரருக்கு அதைத்தான் சொல்கிறேன்.

மொரப்பூர் செல்வி
வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது சரி. அதில் உங்களோடு சண்டையில்லை. நாங்களும் சொல்லித்தான் வைத்தோம், ஆனால் அதைச் சனிக்கிழமை காலையில் சொல்லக் கூடாது.

குமார் அரூர்
விரதமே ஆபத்து என்று யாரும் சொல்லவில்லையே? என் அம்மாவுக்குச் சர்க்கரை. கிளிமிபிரைடு மாத்திரை. போன புரட்டாசியில் காலையில் வழக்கம்போல மாத்திரையைப் போட்டுவிட்டு, தளிகை முடியட்டும் என்று ஒன்றும் சாப்பிடாமல் இருந்தார். பதினொரு மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்தது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. பக்கத்து வீட்டு மெஷினில் பார்த்தால் 58. வெல்லத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் தெளிந்தார். சாமி பேரைச் சொல்லி இப்படி வதைப்பதை நிறுத்துங்கள்.

ஷமீம் கிருஷ்ணகிரி
குமார் அண்ணா, அவர் கேட்டது வேறு. ஆனாலும் நீங்கள் சொன்னதை எல்லா வீட்டிலும் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் ரமலானுக்கு முன்பே மாமியார் டாக்டரைப் பார்த்துவிடுவார். மாத்திரை எல்லாம் ஒரே மாதிரி இல்லை. மெட்ஃபார்மின் மட்டும் போடுபவருக்கு அந்த அளவு இறங்குவது அரிது. நீங்கள் சொன்ன மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இறங்கும். 70க்குக் கீழே போனால் அந்த நிமிடமே நோன்பை முறித்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாமியார் அதில் பிடிவாதம் பிடிப்பதில்லை.

என் கதை இதற்கு நேர்மாறு. நான் முப்பது நோன்பும் வைப்பேன். கணவர் லாரி ஓட்டுகிறார். பயணத்தில் இருப்பவர் நோன்பைப் பிற்பாடு வைத்துக்கொள்ள மார்க்கத்தில் அனுமதி உண்டு. ஆனால் அவர் வீட்டில் இருக்கும் நாளிலும் வைப்பதில்லை, பிற்பாடும் வைப்பதில்லை. ஆரம்பத்தில் தினமும் கேட்பேன். ஒரு நாள் அவர் பொய் சொல்ல ஆரம்பித்தார், நோன்பு வைத்திருக்கிறேன் என்று. சட்டைப் பையில் ஹோட்டல் பில் இருந்தது. அன்றோடு கேட்பதை விட்டுவிட்டேன். பொய் சொல்லும் கணவனைவிட நோன்பு வைக்காத கணவன் பரவாயில்லை என்று தோன்றியது. இப்போது வீட்டில் இருந்தால் அசர் முடிந்ததும் அவரே தூக்குப் போணியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய் நோன்புக் கஞ்சி வாங்கி வருகிறார். சஹருக்கு அலாரம் வைப்பதும் அவர்தான். மனசுக்குள் எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

ராயக்கோட்டை சரவணன்
முட்டையைப் பற்றி யாரும் பேசவில்லையே. அது செரிக்காது என்று நான் சொன்னது சரிதானே?

அங்கன்வாடி அக்கா
சரி இல்லை தம்பி. நான் அங்கன்வாடியில் வேலை செய்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று நாள் முட்டை, புரட்டாசியிலும் அப்படியேதான். அந்த மாதம் மட்டும் யாருக்கும் வயிறு கெட்டு நான் பார்த்ததில்லை. விரதம் என்றால் விரதம் என்று சொல்லுங்கள், அது போதுமான காரணம். அதற்கு அறிவியல் சாயம் பூசினால், நம்பாத கணவர் அந்தச் சாயத்தைத்தான் முதலில் சுரண்டுவார்.

அதே சமயம் அப்பா பக்கத்தையும் சொல்கிறேன். ஒரு மாதம் முட்டை இல்லாவிட்டால் பிள்ளை இளைத்துவிடும் என்று பயப்பட வேண்டாம். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். ஒரு டம்ளர் பாலில் கிட்டத்தட்ட அதே அளவு இருக்கிறது. கூடவே பருப்பு சாதமும் கேழ்வரகுக் கூழும், பொடித்த நிலக்கடலை வெல்லத்தோடும் கொடுங்கள். மூன்று வயதில் முழுக் கடலை வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

ஆனால் டீச்சரிடம் ஒருவர் மட்டும் வந்து சொன்னது தவறுதான். எங்களுக்கும் சங்கடம். அம்மா வேண்டாம் என்பார், பாட்டி கொடு என்பார், பிள்ளை பக்கத்துத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

தகடூரான்
முக்கியமான விஷயமே அதுதான். பெரியவர் தானாக விரதம் இருக்கிறார். மூன்று வயதுப் பையன் யாரையும் கேட்டு விரதம் இருக்கவில்லை.

மொரப்பூர் செல்வி
மூன்று வயதுப் பையன் யாரையும் கேட்டு முட்டையும் சாப்பிடவில்லை தம்பி. இரண்டில் எதைக் கொடுத்தாலும் பெரியவர்கள் முடிவுதான். அதனால்தான் இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டும் என்கிறேன். எங்கள் வீட்டில் வாராவாரம் பேரம் பேசி அலுத்துப்போய், வீட்டுச் சமையலில் ஒரு மாதம் அசைவம் இல்லை, வெளியே கிடைப்பதைப் பிள்ளைகள் சாப்பிடலாம் என்று வைத்துக்கொண்டோம். மூத்தவள் பத்து வயதில் தானாக விரதம் பிடித்தாள். சின்னவன் இன்றுவரை இல்லை.

தகடூரான்
அந்தப் பத்து வயது தானாக வந்ததா, அம்மாவைப் பார்த்து வந்ததா என்று யாருக்குத் தெரியும்?

மொரப்பூர் செல்வி
எனக்கும் தெரியாது.

பாலக்கோட்டுக்காரன்
எல்லாருக்கும் நன்றி. நேற்று வியாழக்கிழமை, எனக்கு வாரவிடுமுறை. உட்கார்ந்து பேசினோம். முனியப்பன் விருந்தைப் பற்றி அவள் சொன்னது நியாயம் என்று முதலில் ஒப்புக்கொண்டேன். அதற்கே அழுதுவிட்டாள். நாமம் போட மாட்டேன், கோவிந்தா சொல்ல மாட்டேன் என்று தெளிவாகச் சொன்னேன். அரிசிப் பையைப் பிடித்துக்கொண்டு அவளோடு ஐந்து வீட்டுக்கும் நடந்து வருகிறேன், சொம்பை அவள் எடுக்கட்டும் என்றேன். பெண் எடுத்தால் ஊரில் என்ன சொல்வார்களோ என்று யோசிக்கிறாள், அவள் அம்மாவிடம் போனில் கேட்கப் போகிறாள்.

ஓசூரில் இரவு ஷிப்ட் முடித்து ராயக்கோட்டை வழியாக வீடு வந்து சேர எட்டரை ஆகிவிடும். அதனால் வெள்ளிக்கிழமை இரவு ஷிப்டை மாற்றிக் கேட்டிருக்கிறேன். செல்வி அக்கா சொன்ன அந்தப் பன்னிரண்டு மணி எரிச்சல் எங்கள் வீட்டிலும் உண்டு, அப்போது நான் எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பேன். அம்மாவிடம் முணுமுணுக்க வேண்டாம் என்று நான்தான் சொல்ல வேண்டும், இன்னும் சொல்லவில்லை.

முட்டையில் பேச்சு முடியவில்லை. வீட்டில் வேண்டாம், அங்கன்வாடியில் சாப்பிடட்டும் என்றேன். "சனிக்கிழமை தளிகைக்கு அவன்தானே பக்கத்தில் உட்காருவான்" என்று கேட்டாள். திங்கட்கிழமை டீச்சரிடம் இருவரும் சேர்ந்து போவதாக இருக்கிறோம்.