கிரைண்டர் போட்டால் ஹால் லைட் பளிச்சிடுகிறது. டிவிக்கு ஸ்பைக் கார்டு போதுமா, ஸ்டெபிலைசர் வேண்டுமா?

தென்னந்தோப்பு: எங்கள் வீடு லைனின் கடைசியில் இருக்கிறது. சாயங்காலம் பம்பு செட்டுகள் ஓடினால் 170 வோல்ட், நள்ளிரவில் 260. 43 அங்குல எல்இடி டிவியின் பவர் போர்டு போய்விட்டது. ஸ்பைக் கார்டில்தான் மாட்டியிருந்தேன், அதன் விளக்கு இன்னும் எரிகிறது. த்ரீ பேஸ் வீடு. கிரைண்டர் போட்டால் ஹால் டியூப் லைட் பளிச்சென்று ஆகும்.

ரேடியோபிரியன்: மலிவான கார்டாக இருக்கும். நல்லதாக வாங்குங்கள், உள்ளே இருக்கும் எம்ஓவி கூடுதல் வோல்டேஜைத் தடுத்துவிடும்.

சுமதி_திருவாரூர்: எங்கள் பிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வைத்த பிறகு பிரச்சினையே இல்லை. அதிலேயே டிவியையும் மாட்டலாமா?

பழைய வயர்மேன்: அது தனியாக இருக்கட்டும்மா, கம்ப்ரசர் கிளம்பும்போது டிவிக்கும் உதறல் வரும்.

ரேடியோபிரியன் சார், எம்ஓவி கண்ணிமைப்பதற்குள் வந்து போகும் பாய்ச்சலுக்குத்தான். பெரும்பாலும் 275 வோல்டுக்கானதைப் போட்டிருப்பார்கள். இரவெல்லாம் 260 நின்றால் அது பேசாமல் இருக்கும், 300 நின்றால் சூடேறி எரிந்துபோகும். எரிந்த பிறகும் சில கார்டுகளில் விளக்கு எரியும், அதை நம்பக்கூடாது.

தம்பி, டிவியின் பின்னால் 100-240 என்று இருந்தால் 170 அதற்கு ஒன்றும் செய்யாது. இரவு 260-க்கு ஹை கட் உள்ள டிவி ஸ்டெபிலைசர் போடுங்கள். ஆனால் எனக்கு அந்த டியூப் லைட்தான் உறுத்துகிறது. லோடு போட்டால் விளக்கு மங்கவேண்டும். இன்னொரு பேஸில் பளிச்சிட்டால் நியூட்ரல் லூஸ். முழுசாக விட்டுப்போனால் டிவிக்கு 400 வரை கூட வரலாம், சின்ன ஸ்டெபிலைசரும் சேர்ந்து கருகும். இப்போதைக்கு டிவி பிளக்கைக் கழற்றி வையுங்கள். எலக்ட்ரீஷியனை வைத்து இரண்டு பேஸிலும் அளந்துகொண்டே அயர்ன் பாக்ஸைப் போட்டுப் பாருங்கள்.

தென்னந்தோப்பு: பார்த்தாச்சு அண்ணே. அடுப்படி பேஸ் 231-லிருந்து 198, ஹால் 236-லிருந்து 252.

பழைய வயர்மேன்: ஒன்று இறங்க மற்றது ஏறுகிறது, சந்தேகமே இல்லை. மெயினை அணைத்து நியூட்ரல் லிங்க்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே சரியாக இருந்தால் கோளாறு சர்வீஸ் வயரிலோ போஸ்ட்டிலோ இருக்கும். அது மின்வாரிய வேலை, நீங்கள் ஏறாதீர்கள்.

தென்னந்தோப்பு: லிங்க் ஸ்க்ரூ கருத்திருந்தது. சுரண்டி இறுக்கியதும் ஏற்றம் பாதியாகக் குறைந்தது, முழுசாகப் போகவில்லை. போஸ்ட்டைப் பார்க்கப் புகார் கொடுத்திருக்கிறேன்.

ரேடியோபிரியன்: அப்படியானால் ஸ்டெபிலைசருக்குப் பதில் மெயின் போர்டிலேயே ஓவர் வோல்டேஜ் ரிலே போட்டால் வீடு முழுக்கக் காப்பாற்றலாமே?

பழைய வயர்மேன்: நியூட்ரலுக்கு அதுதான் நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 250-ல் வெட்டும்படி வைத்தால் இவர் ஊரில் ராத்திரி முழுக்க இருட்டுதான்.

கடலோரம்: எங்கள் டிவி ஸ்டெபிலைசர் இருந்தும் இடியில் போனது. எச்டிஎம்ஐ மட்டும் செத்துவிட்டது.

பழைய வயர்மேன்: அது டிஷ் கேபிள் வழியாக செட்டாப் பாக்ஸுக்குள் வந்திருக்கும். மழை இருட்டும்போதே பிளக், டிஷ் கேபிள் இரண்டையும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு கேபிளைத் தொடாதீர்கள்.