‘மிகைநீங்கல்’ என்பதா, ‘இறங்குகடப்பு’ என்பதா?

அடையாறிலிருந்து:
அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். பங்கு விலை வரைபடச் செயலி ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். விலை ஏற்ற இறக்கத்தின் வலுவை 0 முதல் 100 வரை காட்டும் ஆர்.எஸ்.ஐ. என்ற அளவு 70க்கு மேலுள்ள பகுதியை ‘மிகைவாங்கல் மண்டலம்’ என்று எழுதிவிட்டேன். அதைவிட்டு அளவு வெளியேறும்போது வரும் அறிவிப்புக்கும், அந்த அளவை உருவாக்கிய வைல்டர் 1978இல் தந்த சராசரி முறைக்கும்தான் சொல் அமையவில்லை.

தாம்பரத்திலிருந்து:
அது 14 நாள் அடுக்குக்குறிச் சராசரிதானே, ஐயா? வழக்கிலுள்ள சொல்லே போதும்.

மயிலாப்பூரிலிருந்து:
தாம்பரத்து நண்பர் சொல்வதில் பாதி சரி. இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் எடை வேறு. 14 நாள் அடுக்குக்குறிச் சராசரி புதிய நாளுக்கு 2/15 பங்கு தருகிறது. வைல்டர் 1/14 பங்குதான் தருகிறார், ஆகவே அது 27 நாள் அடுக்குக்குறிச் சராசரிக்கு இணையானது. நேற்றைய சராசரி ஏற்றம் 4.20 ரூபாய், சராசரி இறக்கம் 1.40 ரூபாய் என்றால் ஆர்.எஸ்.ஐ. 75. இன்று விலை 7 ரூபாய் இறங்கினால், பழைய சராசரியை 13ஆல் பெருக்கி, இன்றையதைக் கூட்டி, 14ஆல் வகுக்க வேண்டும். ஏற்றம் 3.90, இறக்கம் 1.80 என்றாகி, ஆர்.எஸ்.ஐ. 68.4க்கு வருகிறது. அதே தொடக்க எண்களுக்கு 2/15 எடையைப் போட்டால் 63க்கு அருகில் விழும். பழைய நாள்களின் பங்கு ஒரேயடியாக விழாமல் தேய்ந்துகொண்டே போவதால், ‘வைல்டர் தேய்சராசரி’ என்பது என் பரிந்துரை.

அறிவிப்புக்கு ‘மிகைநீங்கல்’ எனலாம். மண்டலத்தில் இருப்பது நிலை, நீங்குவது நிகழ்வு. அந்த வேறுபாட்டைச் சொல் காட்ட வேண்டும்.

```
if rsi[i-1] >= 70 and rsi[i] < 70:
    alert()
```

அண்ணா நகரிலிருந்து:
என் செயலியில் ஒரே பிற்பகலில் ஒன்பது முறை மணி அடித்தது, அம்மா. அது 70ஐத் தாண்டினால் விற்கச் சொல்லும் எச்சரிக்கை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

மயிலாப்பூரிலிருந்து:
அது விற்கச் சொல்லும் கட்டளை அன்று. வலுவான ஏற்றத்தில் அளவு வாரக்கணக்கில் 70க்கு மேலேயே நிற்கக்கூடும். ஒன்பது முறை அடித்ததற்குக் காரணம், முடியாத நாளின் விலையைக் கொண்டு கணக்கிடுவதுதான். விலை ஆடும்போதெல்லாம் 69.8, 70.1 என்று அளவும் கோட்டைத் தாண்டித் தாண்டி வரும். மாலை 3.30க்குச் சந்தை முடிந்த பிறகு, இறுதி விலையை வைத்து ஒருமுறை மட்டும் சோதிக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

அடையாறிலிருந்து:
‘தேய்சராசரி’யை ஏற்கிறேன், ஆனால் சராசரியே குறைகிறது என்று யாரும் பொருள் கொள்வார்களோ என்ற தயக்கம் இருக்கிறது. ‘மிகைநீங்கல்’ அச்சில் ‘மிகைநீக்கல்’ ஆகிவிடும் என்று அஞ்சி, ‘இறங்குகடப்பு’ என்றும் யோசித்தேன். மறுமுனையில், மிகைவிற்றல் மண்டலத்தின் எல்லையான 30ஐக் கீழிருந்து தாண்டுவதற்கு ‘ஏறுகடப்பு’ இணையாக அமையும்.

மயிலாப்பூரிலிருந்து:
இணை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆர்.எஸ்.ஐ. 100ஐத் தாண்டாது; மிகைவாங்கல் மண்டலத்துக்குக் கீழ்ப்பக்கம் ஒரே வாசல். அங்கே ‘இறங்கு’ தேவையா என்று தமிழாசிரியர் எவரேனும் சொல்லுங்கள்.